எட்டு பல்கலைக்கு அப்ளை பண்ண எவ்வளவு ஆகும்? என் கணக்கு இதோ

அமெரிக்காவில் எம்எஸ் படிக்க அப்ளை செய்யப் போகிறவர்கள் முதலில் கேட்பது "மொத்தம் எவ்வளவு ஆகும்" என்றுதான். சீனியர்களைக் கேட்டால் ஒருத்தர் எழுபதாயிரம் என்பார், இன்னொருத்தர் ஒன்றரை லட்சம் என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, ஒரு முறை மட்டும் வரும் செலவு எது, ஒவ்வொரு பல்கலைக்கும் திரும்பத் திரும்ப வரும் செலவு எது என்று பிரிக்காமல் மொத்தமாகச் சொல்வதால் வரும் வித்தியாசம் அது. நான் பட்ஜெட் போட்டபோது இந்தப் பிரிவினையைத்தான் முதலில் செய்தேன். கீழே இருக்கும் தொகைகள் அப்போது நான் பார்த்தவை, வருடா வருடம் கொஞ்சம் ஏறும், அதனால் பணம் கட்டும் முன் அந்தந்தத் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை செலவு சுலபம். ஜிஆர்இ நுழைவுத் தேர்வு கிட்டத்தட்ட 22,000 ரூபாய், டோஃபல் ஆங்கிலத் தேர்வு கிட்டத்தட்ட 17,000. இரண்டுக்கும் தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்தான் அடையாள அட்டை, அதனால் அது இல்லாதவர்கள் இன்னொரு 1,500 ரூபாயும் சில வாரங்களும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஜிஆர்இ உண்மையிலேயே தேவையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு நிறையத் துறைகள் ஜிஆர்இயை விருப்பத்துக்கு விட்டுவிட்டன, சில இடங்களில் அனுப்பினாலும் பார்ப்பதே இல்லை. பல்கலையின் பொதுப் பக்கத்தில் இருப்பதை நம்பாமல் துறையின் பக்கத்தில் பாருங்கள், ஒரே பல்கலையில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. உங்கள் பட்டியலில் எட்டில் ஒன்றே ஒன்றுதான் ஜிஆர்இ கேட்கிறது என்றால், அந்த ஒன்றின் உண்மையான விலை அதன் விண்ணப்பக் கட்டணம் மட்டும் இல்லை, கூடவே அந்த 22,000மும். எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகவே பட்டது.

இப்போது பெருகும் செலவு. விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை. ஸ்டான்ஃபோர்டு 125, வெளிநாட்டு மாணவர்களுக்கு அரிசோனா ஸ்டேட் 115, டெக்சாஸ் ஆஸ்டின் 90, ஜார்ஜியா டெக் 85, பர்டூ 75. இந்த ஐந்தும் 490 டாலர், இன்னும் மூன்று சுமாரான கட்டணப் பல்கலைகளுக்கு 265 என்று வைத்தால் மொத்தம் 755. இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கட்டணம் பெரும்பாலும் பல்கலைக்கு அல்ல, விண்ணப்பத்துக்கு. ஒரே பல்கலையில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் டேட்டா சயின்ஸுக்கும் அப்ளை செய்தால் பொதுவாக இரண்டு தடவை கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, கூகுள் காட்டும் டாலர் விலையில் உங்கள் கார்டு கழிக்காது. டாலர் 85 ரூபாய் என்று வைத்து, 100 டாலர் கட்டினால் 8,500. அதில் பேங்க் 3.5 சதவீதம் மார்க்கப் போட்டால் 297 ரூபாய் ஐம்பது காசு, அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இன்னொரு 53 ரூபாய் சொச்சம். ஆக 8,851. ஒரு டாலருக்கு 88.50 என்று கணக்குப் போட்டால் சரியாக வரும். மார்க்கப் குறைவான கார்டு வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதையே எல்லாக் கட்டணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் முன்னாடியே ஆன் செய்து வையுங்கள், கடைசி நாள் ராத்திரி பேமென்ட் ஃபெயில் ஆவது பெரும்பாலும் இதனால்தான்.

அந்த 755 டாலர் நம் கணக்கில் சுமார் 66,800 ரூபாய்.

பணம் நிஜமாகவே கசியும் இடம் ஸ்கோர் ரிப்போர்ட். ஜிஆர்இ கட்டணத்திலேயே நான்கு பல்கலைக்கு இலவசமாக அனுப்பலாம், ஆனால் தேர்வு முடிந்து ஸ்கோரைப் பார்த்த கையோடு, அதே கம்ப்யூட்டரில், அந்த நாலைந்து நிமிடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுந்து வெளியே வந்துவிட்டால் அந்த நான்கும் போச்சு. டோஃபலிலும் நான்கு இலவசம், ஆனால் அதைத் தேர்வுக்கு முந்தைய நாள் இரவு 10 மணிக்குள் கொடுத்துவிட வேண்டும், அதாவது ஸ்கோர் தெரியாமலே. அதனால் பல்கலைப் பட்டியல் தேர்வுத் தேதிக்கு முன்பே பாதியாவது முடிவாகியிருக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் ஸ்கோர் வந்த பிறகுதான் பட்டியலே போட ஆரம்பிக்கிறார்கள். இலவசத்தைத் தாண்டினால் ஜிஆர்இ ஒன்றுக்கு 35 டாலர், டோஃபல் ஒன்றுக்கு 25. மீதி நான்கு பல்கலைக்கு இரண்டையும் அனுப்பினால் 240 டாலர், நம் கணக்கில் 21,240 ரூபாய். கிட்டத்தட்ட இன்னொரு ஜிஆர்இ.

இதில் பெரும்பகுதி தேவையே இல்லாமல் போகலாம். பல துறைகள் விண்ணப்பத்தில் நீங்களே ஸ்கோரை டைப் செய்து, ரிப்போர்ட்டின் பிடிஎஃப்பை ஏற்றினால் போதும், அட்மிஷன் கிடைத்துச் சேரும்போது மட்டும் அதிகாரபூர்வமாக அனுப்பு என்கின்றன. நான் ஒரு ஷீட்டில் ஒவ்வொரு பல்கலைக்கும் எதிரே இரண்டே கேள்விக்குப் பதில் எழுதி வைத்தேன்: அதிகாரபூர்வ ஸ்கோர் இப்போதே வேண்டுமா, கல்லூரி மதிப்பெண்களின் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் இப்போதே வேண்டுமா. இப்போதே வேண்டும் என்பவை மட்டும் இலவச நான்குக்குள் போக வேண்டும். பதில் தெளிவாக இல்லாத இடத்தில் அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டு, வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டும் அதே கதைதான். பெரும்பாலான இடங்களில் ஸ்கேன் போதும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவிலேயே வாங்கலாம், அண்ணா பல்கலையின் இணைப்புக் கல்லூரி என்றால் கிண்டியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் வரை போகும். கட்டணம் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி, செட் கணக்கில் வாங்குவார்கள், நான் 4,000 ஒதுக்கினேன். எட்டு பல்கலைக்கு எட்டு செட் என்று வாங்கிக் குவிக்காதீர்கள். சீல் வைத்தது இரண்டு, சீல் இல்லாதது ஒன்று ஸ்கேன் செய்ய, அது போதும். சீல் கவரைப் பிரித்து ஸ்கேன் செய்தால் அந்த செட் அதிகாரபூர்வமானதாக இருக்காது. பேப்பராகவே வேண்டும் என்று அடம்பிடிக்கும் பல்கலைக்குக் கூரியர் மட்டுமே சுமார் 3,000 ரூபாய். சில இடங்கள் மதிப்பெண் மதிப்பீட்டை வெளி நிறுவனம் மூலம் கேட்கும், அது தனியாக 200 டாலர் பக்கம் இழுக்கும், அப்படிப்பட்ட பல்கலை பட்டியலில் ஒன்றுதான் இருந்தால் அதைத் தூக்கிவிடலாமா என்று யோசியுங்கள்.

சரி, கூட்டுவோம். தேர்வுகள் 39,000, விண்ணப்பக் கட்டணம் 66,800, டிரான்ஸ்கிரிப்ட் 4,000, மொத்தம் சுமார் 1,10,000. இதே எட்டுக்கும் எல்லா ஸ்கோரையும் அதிகாரபூர்வமாக அனுப்பி இரண்டு கூரியரும் போட்டால் 1,37,000. ஜிஆர்இ திரும்ப எழுத நினைப்பவர்கள் இன்னொரு 22,000 தனியாக வைக்க வேண்டும்.

எட்டா பத்தா என்று குழம்பும்போது நான் பார்த்த எண் வேறு. கூடுதலாக ஒரு பல்கலை சேர்த்தால் சராசரிக் கட்டணமாக 8,350 ரூபாய், இரண்டு ஸ்கோரையும் காசு கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தால் 13,700. கிடைத்தாலும் நிச்சயம் சேர மாட்டேன் என்று தோன்றும் "சேஃப்" பல்கலைக்கு இந்தப் பணம் அதிகம். மாறாக, கடைசித் தேதி தள்ளி இருக்கும் பல்கலைகளைக் கடைசியில் வைத்தால், டிசம்பரில் அப்ளை செய்த இடங்களில் இருந்து பிப்ரவரி, மார்ச்சில் முடிவு வரும்போது மீதிக் கட்டணத்தைக் கட்டாமலே விடலாம். ஒரு தடவை கட்டிய கட்டணம் திரும்ப வராது, ஆனால் சப்மிட் செய்யாத விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் காசு போகாது. அமெரிக்க அரசின் மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரையும் விசா கட்டணத்தையும் இந்த ஷீட்டில் போடாதீர்கள், அது அட்மிஷன் வந்த பிறகு ஒரே ஒரு பல்கலைக்காக வரும் செலவு, வேறு ஷீட்.