காத்திருப்போர் பட்டியலில் ஒரு வினையெச்சம்

அந்த வாக்கியத்தை யார் மாற்றியது என்று அவர் கேட்டபோது, நான்தான் என்று சொல்ல எனக்குச் சில நொடிகள் பிடித்தன. கேள்வியில் கோபம் இல்லை. லியோனிலிருந்து எங்களுக்குப் பிரெஞ்சு மொழிபெயர்த்துத் தருபவர் அவர். அன்று வேறொரு செய்தித் தொகுப்பைச் சரிபார்க்கும்போது, நான்கு மாதங்களாக நோயாளிகளின் கைபேசிகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பழைய வரி அவர் கண்ணில் பட்டுவிட்டது. அந்த உரையாடல் முடிந்து வெகுநாள் ஆகியும் நான் அதை மனத்துக்குள் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறேன்.

மருத்துவமனைக் குழுமம் ஒன்றின் முன்பதிவுச் செய்திகள் அவை. படிவத்தில் திரு, திருமதி என்று தேர்ந்தெடுக்கும் கட்டத்தை வாடிக்கையாளர் நீக்கியிருந்தார். ரயில் பயணச்சீட்டு விற்க அந்த விவரம் இன்றியமையாதது அல்ல என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்த பின், அவர்களுடைய சட்டப் பிரிவு அப்படி முடிவெடுத்தது. ஆகவே செய்தியைப் பெறுபவர் ஆணா, பெண்ணா, இரண்டும் அல்லாதவரா என்பது எங்களுக்குத் தெரியாது. எவருடைய பாலையும் ஊகிக்காத வாக்கியங்களைத் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தோம்.

என் தவறுக்கு முன் நான் ஒரு முறை சரியாகச் செயல்பட்டேன். பிந்தைய தவறு அதிலிருந்துதான் முளைத்தது என்று நினைப்பதால் அதை முதலில் சொல்கிறேன். நினைவூட்டல் செய்தியை அவர் முதலில் இப்படி அனுப்பியிருந்தார்:

```
Vous êtes attendu·e le 14/03 à 9h20.
```

உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்ற பொருள் தரும் கனிவான வாக்கியம். நடுவே உள்ள புள்ளி, ஆண்பால் வடிவத்தையும் பெண்பால் வடிவத்தையும் ஒரே சொல்லில் எழுதும் முறை. குறுஞ்செய்தியில் அதற்கு ஒரு விலை உண்டு. கைபேசி வலையமைப்புகள் பின்பற்றும் ஜிஎஸ்எம் அடிப்படை எழுத்துத் தொகுதிக்குள் அடங்கும் செய்தியில் 160 எழுத்துகள் எழுதலாம். அந்தத் தொகுதியில் இல்லாத ஓர் எழுத்து வந்தாலே முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு மாறி, வரம்பு 70 ஆகக் குறைந்துவிடும். `é`, `è`, `à` ஆகியவை தொகுதிக்குள் இருக்கின்றன. நடுப்புள்ளி இல்லை, `ê` என்ற எழுத்தும் இல்லை. அதாவது, புள்ளியை எடுத்துவிட்டாலும் `êtes` என்ற சொல்லே செய்தியை இரண்டு மூன்று துண்டுகளாக்கிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் உண்டு.

இதை அவருக்கு எழுதினேன். அவர் உடனே ஏற்று, சந்திப்பு என்ற பெயர்ச்சொல்லை வைத்து வாக்கியத்தைத் தொடங்கினார். வர இயலாவிட்டால் என்பதற்கும் முதலில் எழுதியிருந்த `empêché·e` என்பதை விட்டு, `Si vous ne pouvez pas venir` என்று மாற்றினார். பால் குறியும் போயிற்று, விலை கூடிய எழுத்தும் போயிற்று. ஜெர்மன் பக்கம் இதைவிட எளிதாக முடிந்தது. அம்மொழியில் நீங்கள் பதிவாகியுள்ளீர்கள் என்பதற்கு `Sie sind angemeldet` என்றால் போதும், அந்த வினையெச்சம் யாருக்காகவும் உருமாறுவதில்லை. சிக்கல் ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில்தான் வரும். புதிய நோயாளியாக வருபவர் என்று பொருள்படும் `Als Neupatient` என்ற தொடக்கத்தை, லைப்சிக்கில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் `Beim ersten Besuch` என்று மாற்றினார். முதல் வருகையின்போது என்று பொருள். ஆளைச் சொல்லாமல் நிகழ்வைச் சொல்லிவிட்டார். சொல்லுக்குள் நட்சத்திரக் குறியோ முக்காற்புள்ளியோ போடவே தேவைப்படவில்லை.

இவற்றிலிருந்து நான் எனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டேன்: பிரெஞ்சில் நீங்கள் என்று பொருள்படும் `vous` உடன் `êtes` சேர்ந்து, `vous êtes` என்று தொடங்கும் வாக்கியத்தைத் தவிர்த்தால் போதும், பாலும் போகும், செலவும் குறையும். வினையெச்சம், `êtes` என்பதன் மூலவடிவமான `être` என்ற துணைவினையோடு வரும்போது எழுவாயின் பாலை ஏற்கும், `avoir` என்ற துணைவினையோடு வரும்போது எழுவாயின் பாலை ஏற்காது என்பது தொடக்கநிலை இலக்கணம். அந்த அளவு எனக்குத் தெரியும். அதற்கு மேல் உள்ளதைத் தெரிந்துகொள்ளும் பொறுமை அந்த வாரம் எனக்கு இருக்கவில்லை.

காத்திருப்போர் பட்டியல் பற்றிய செய்தியில் அவர் எழுதியிருந்தது முதல் வரி. நான் மாற்றியது இரண்டாவது:

```
Votre inscription sur la liste d'attente est confirmée.
Nous vous avons inscrit sur la liste d'attente.
```

உங்கள் பதிவு உறுதியானது என்கிறது முதல் வரி, உங்களைப் பதிவு செய்தோம் என்கிறது இரண்டாவது. முதல் வரியில் 55 எழுத்துகள், இரண்டாவதில் 47. மருத்துவமனையின் பெயர் மிக நீளமாக வரும் இடத்தில் அவருடைய வடிவத்தோடு மொத்தச் செய்தி 165 எழுத்துகளாயிற்று, என்னுடையதோடு 157. அவருக்கு எழுதிக் கேட்காமல் மாற்றினேன். வாடிக்கையாளருக்கு அனுப்பிய குறிப்பில், இவ்வரி துணைவினை மாற்றத்தால் பாலற்றதாக்கப்பட்டுள்ளது என்றும் எழுதினேன். அவருடைய வரி ஏற்கெனவே எவர் பாலையும் குறிக்காமல்தான் இருந்தது. அதன் ஈற்றில் வரும் பெண்பால் வடிவம் பதிவு என்ற பெயர்ச்சொல்லுக்கு உரியது, படிப்பவருக்கு உரியது அல்ல.

உரையாடலில் அவர் சொன்னது மிகக் குறைவு. "`vous` இங்கே செயப்படுபொருள். வினைக்கு முன்னால் நிற்கிறது. ஆகவே வினையெச்சம் அதன் பாலை ஏற்கும். இந்தச் செய்தியைப் பெறும் பெண்ணுக்கு `inscrite` என்று வந்திருக்க வேண்டும்" என்றார். நான் எழுவாயைப் பற்றி மட்டும் யோசித்திருந்தேன். செயப்படுபொருள் முன்னால் வந்தால் `avoir` உடன் வரும் வினையெச்சமும் இணங்கும் என்ற அடுத்த விதியை மறந்திருந்தேன். குறுஞ்செய்திகளில் பேசுவது எப்போதும் நாங்கள், கேட்பது எப்போதும் நீங்கள் என்பதால், அந்த `vous` பெரும்பாலும் வினைக்கு முன்னால்தான் நிற்கிறது. தப்பிக்கும் வழி என்று நான் நினைத்ததிலேயே அதே கண்ணி இருந்தது.

பின்னர் தனியாக உட்கார்ந்து யோசித்தபோது, நம்முடைய வேற்றுமை உருபுகளே என்னை எச்சரித்திருக்கக்கூடும் என்று தோன்றியது. உங்களைப் பதிவு செய்தோம் என்பதில் ஐ உருபு, உங்களுக்குக் குறியீடு அனுப்பினோம் என்பதில் கு உருபு. முதலாவதில் பிரெஞ்சு வினையெச்சம் பாலை ஏற்கும், இரண்டாவதில் ஏற்காது. உங்களை அழைத்தோம் என்பதற்கான `appeler` ஏற்கும், உங்களுக்குத் தொலைபேசினோம் என்பதற்கான `téléphoner` ஏற்காது. இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அவருக்கு எழுதினேன். அவர் `aider` என்ற ஒரே வினையை அனுப்பினார். உங்களுக்கு உதவினோம் என்று நாம் கு உருபு போடும் இடத்தில் பிரெஞ்சு நேரடிச் செயப்படுபொருளை வைக்கிறது, ஆகவே அங்கே பால் வந்துவிடும். என் இரண்டாவது விதியும் ஒரு சொல்லில் உடைந்தது. பாதுகாப்பான வழி, நாங்கள் உங்களை என்ற அமைப்பையே கைவிட்டு, பதிவு, கோரிக்கை, சந்திப்பு என்று ஒரு பொருளை எழுவாயாக்குவது என்பது அவர் கருத்து. முதல் வடிவத்திலேயே அவர் அதைத்தான் செய்திருந்தார்.

நான் செய்ததற்கு நியாயம் இல்லாமலும் இல்லை என்று சில நாட்களில் தோன்றுகிறது. பிரெஞ்சு மரபில் ஆண்பால் வடிவமே பொதுவடிவம். பிரெஞ்சுப் பிரதமர் 2017 நவம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை, ஆண்பாலை நடுநிலை வடிவமாகவே கொள்ளச் சொல்கிறது. அந்த வரியைப் பிரெஞ்சு வாசகர் பலர் கண்டுகொள்ளாமல் கடந்திருப்பார்கள். எங்களுக்குப் புகார் எதுவும் வரவில்லை. ஆனால் அந்தச் சுற்றறிக்கை அரசிதழில் வெளியாகும் அரசு உரைகளுக்கானது. யாரென்று குறிப்பிடாத ஒருவரை ஆண்பாலில் சொல்வதும், ஒரே ஒரு கைபேசிக்கு, ஒரே ஒரு பெண்ணிடம், உங்களைப் பதிவு செய்தோம் என்று ஆண்பாலில் சொல்வதும் ஒன்றல்ல. மரபின்படி பார்த்தாலும் அங்கே அது பிழை. மேலும் எங்கள் வாக்குறுதி மரபைப் பற்றியது அல்ல.

புகார் வராதது எனக்கு ஆறுதல் தரவில்லை. அறுவை சிகிச்சைக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருப்பவர் ஓர் எழுத்துக்காகப் புகார் எழுதமாட்டார். இன்னொரு பதிவு தன் பதிவோடு கலந்துவிட்டதோ, வேறு யாருக்கோ வர வேண்டிய செய்தியோ என்று ஒரு கணம் ஐயப்பட்டிருக்கலாம். தமிழில் நீங்கள் என்றால் அதன் வினைமுற்றில் பால் தெரிவதில்லை. ஆகவே என்னை யாரும் என் வாழ்நாளில் தவறான பாலில் முன்னிலைப்படுத்தியதில்லை. அந்தச் சிறு உறுத்தலை நான் உணர முடியாது என்பதே, மாற்றும் முன் அவரைக் கேட்க எனக்குப் போதுமான காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அதையும் அவர் கேட்டார். "நீளம் கூடுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேறு எழுதிக் கொடுத்திருப்பேனே." நேரம் இல்லை என்றேன். உண்மையில் இரண்டு நாட்கள் இருந்தன. நடுப்புள்ளி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை, ஆகவே இதிலும் எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் அனுப்பிய வரி இது:

```
Votre nom est sur la liste d'attente.
```

உங்கள் பெயர் பட்டியலில் உள்ளது. 37 எழுத்துகள், என்னுடையதைவிடப் பத்துக் குறைவு. விலை கூடிய எழுத்து ஒன்றும் இல்லை, பாலும் இல்லை. இருந்தாலும் அவருடைய முதல் வரியில் இருந்த உறுதி இதில் சற்றுக் குறைவு என்று எனக்கு இப்போதும் படுகிறது. உங்கள் பதிவு உறுதியானது என்று கேட்பதும், உங்கள் பெயர் இருக்கிறது என்று கேட்பதும் காத்திருப்பவருக்கு வேறு வேறாகவே ஒலிக்கும். அதை அவரிடம் சொல்லும் உரிமை எனக்கு அன்று இருக்கவில்லை.

புதிய வரி அடுத்த வெளியீட்டில் சேர்ந்தது. வாடிக்கையாளருக்குப் போகும் மாற்றப் பட்டியலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் எழுத வேண்டும். அந்த வரிக்கு எதிரே, நீளம் குறைக்கப்பட்டது என்று எழுதினேன். அது பொய்யில்லை. நான்கு மாதங்களுக்கு முன் நான் எழுதி அனுப்பிய குறிப்பு தவறு என்று இன்னும் அவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. பட்டியலின் நகல் லியோனுக்கும் போனது. அவர் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் பதில் எழுதியிருந்தார்.