தூரிகை எந்தக் கையில்?

பழைய ஓவியங்களுக்குப் பட்டியல் எழுதும் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு அட்டையில் "தன்னுருவ ஓவியம்" என்று எழுதிவிட்டேன். கையெழுத்து இல்லாத 19ஆம் நூற்றாண்டு எண்ணெய் ஓவியம் அது. கோட்டு போட்ட ஒருவர், வலது கையில் வண்ணத்தட்டு, இடது கையில் தூரிகை. வலக்கைக்காரர் கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைந்தால் தூரிகை இடது கைக்குப் போய்விடும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

தூரிகையும் தட்டும் அவர் ஓவியர் என்று மட்டும்தான் சொல்லும், நண்பர் யாராவது அவரை அப்படி உட்காரவைத்து வரைந்திருக்கலாம். பார்வை கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும்: உடம்பு கேன்வாஸ் பக்கம் திரும்பியிருக்க, கருவிழி மட்டும் ஓரத்துக்குப் போய் நம்மை, அதாவது பக்கத்தில் நிறுத்திய கண்ணாடியைப் பார்க்கும். ஆனால் "இங்கே பாருங்க" என்று சொல்லி உட்காரவைத்த யாரும் அப்படிப் பார்க்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. அதனால்தான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அசல் ஓவியத்தைப் பார்த்தால் தூரிகை வலது கையில்! நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். அட்டையை அடித்துத் திருத்தப் போனேன், அப்போதுதான் கோட்டு கண்ணில் பட்டது. ஆண்கள் கோட்டில் போட்டவரின் இடது பக்கம் மேலே வரும், இங்கே வலது பக்கம் மேலே இருந்தது, அதுவும் ஒற்றை வரிசைப் பட்டன். (இரட்டை வரிசைக் கோட்டு என்றால் இரண்டு பக்கமும் மாட்டலாம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.) கோட்டு கண்ணாடியில் தெரிந்தபடி இருக்கிறது, கை மட்டும் நேராக இருக்கிறது.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும், தட்டுக்குக் கீழே வேறொரு வடிவத்தின் விளிம்பு மேடாகத் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது அங்கே முதலில் தூரிகை பிடித்த கை இருந்தது. இடக்கைக்காரராகத் தெரிய விரும்பாமல் கையை மாற்றியவர், கோட்டைக் கவனிக்கவில்லை போல. இது ஒன்றும் புதிதில்லை. லண்டன் கென்வுட் ஹவுஸில் இருக்கும், இரண்டு வட்டங்கள் தெரியும் ரெம்பிராண்ட் தன்னுருவ ஓவியத்திலும் கைகளை முதலில் கண்ணாடியில் தெரிந்தபடி வரைந்து பிறகு மாற்றியிருக்கிறார் என்று எக்ஸ்ரே காட்டியிருக்கிறது. வான் கோ மாற்றவே இல்லை: அறுத்துக்கொண்டது இடது காது, 1889 ஓவியத்தில் கட்டு வலது பக்கம்.

செதுக்கு அச்சுப் படங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, தகட்டில் வரைந்தது அச்சில் இன்னொரு முறை திரும்பிவிடும்.

என் அட்டையில் பழைய முடிவே நின்றது, காரணம் மட்டும் மாறியது. புகைப்படத்துக்குப் பின்னால் "திருப்பி அச்சிட்டது" என்று பென்சிலால் எழுதி வைத்தேன்.